"தமிழ்வழியில் படித்தேன்" என்ற பிறகு என்ன சொல்வது?

(கீழ்பென்னாத்தூர் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ் கேட்டு முன்னாள் மாணவர்கள் நம் பள்ளிகளுக்கு வருவது நாம் அறிந்ததே. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநில அரசுப் பணி நியமனங்களில் அவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அங்கே தகுதியாக நிற்கும் அதே செய்தி, தனியார் நிறுவனத்தின் நேர்காணல் அறையில் குறையாகிவிடுகிறது. அந்த அறையில் என்ன சொல்ல வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. என் மாணவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பிறகு பி.எஸ்சி. வேதியியல், தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதினார். மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகப் பணிக்கு நேர்காணலுக்குப் போனார். மனப்பாடம் செய்த அறிமுகத்தைத் தடையின்றிச் சொன்னார். அடுத்து, "தரம்பார்த்தலில் முடிவுநிலையை எப்படி அறிவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறி நிலைப்பதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்தவர். ஆனாலும் வாய் திறந்தபோது வந்தது, "சாரி சார், தமிழ் மீடியம், ஐ ஆம் புவர் இன் இங்கிலிஷ்" என்பதுதான்.

"தெரிஞ்ச கேள்விதான் சார், ஆனா வாய் வரல" என்று என்னிடம் வந்து நின்றார்.

அவருடைய பதிலில் இரண்டு தவறுகள் இருந்தன. படித்த வழியை அவர் மன்னிப்பாகச் சொன்னார். அது ஒரு தகவல், அவ்வளவுதான். "புவர்" என்ற ஒரே சொல்லில் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார். ஆய்வக நடைமுறைக் குறிப்பை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள அவரால் முடியும். பேச்சு மட்டுமே பின்தங்கியிருந்தது.

அதனால் முதலில் பேச்சை எடுத்துக்கொண்டோம். ஒரு குறிப்பேட்டில் நாற்பது ஆய்வகச் சொற்கள். நிறங்காட்டி என்று தமிழில் எழுதி, எதிரே 'இண்டிகேட்டர்', அதன் கீழே சொந்தமாக ஓர் ஆங்கில வாக்கியம். ஞாயிறுதோறும் ஏதாவதொரு சோதனையை, தாளைப் பார்க்காமல், ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கிக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குத் தேதி போட வேண்டும்.

முதல் பதிவில் 41 சொற்கள். நடுவே நீண்ட மௌனங்கள். மூன்றாவது வாரம் நூறைத் தொட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. நேரில் பேசச் சொல்லி, பாதியில் நிறுத்தி, "கடைசியில் ஏன் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படியே நின்றுவிட்டார். மனப்பாடம்தான் வேகமாகியிருந்தது, மொழி வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் எதிர்பாராத ஒரு கேள்வியை நடுவில் கேட்டேன். நான்காம் மாத முடிவில் நிமிடத்துக்கு 85 சொற்கள். பிழைகள் இருந்தன, ஆனால் இடையில் கேட்டதற்கும் பதில் வந்தது.

பிறகுதான் நேர்காணல் பதிலை அமைத்தோம். மூன்றே பகுதி: படித்த வழி, செய்த முயற்சி, இன்றைய நிலை. "ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம் அப் டு ட்வெல்த். ஃபார் ஃபோர் மந்த்ஸ் ஐ ஹேவ் ரெக்கார்டட் மைசெல்ஃப் எவ்ரி வீக். ஐ ரீட் லேப் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வெல். ஐ ஸ்பீக் ஸ்லோலி, பட் ஐ கேன் எக்ஸ்ப்ளெயின் மை ஒர்க்." இதைச் சொன்னதும், எக்ஸ்ப்ளெயின் என்பதற்குச் சான்றாக ஒரு சோதனையை விளக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். தன்விவரக் குறிப்பிலும் "ஃப்ளூயன்ட்" என்று எழுதாமல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று தனித்தனியாக நிலையைக் குறிக்கச் சொன்னேன். பொய்யான ஒரு சொல் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

அடுத்த நேர்காணலில் அவரை எடுக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை அது. அதற்கு உண்மையிலேயே சரளம் தேவை. அந்த மறுப்பு நியாயமானதே. அதற்கடுத்தது ஆய்வக வேலை. "சொன்னது புரியாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்களாம். "நான் புரிந்துகொண்டதை என் சொற்களில் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்வேன், பிறகு எழுத்து நடைமுறையைப் பார்ப்பேன்" என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். பயிற்சிப் பணியாளராக எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நாம் கல்லூரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் அறிவியல் பாடநூல்களில் கலைச்சொற்கள் ஆங்கிலத்திலும் தரப்பட்டுள்ளன. பாடம் முடியும்போது அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு மாணவரை எழுப்பி, அன்று செய்த சோதனையைப் பற்றி ஒரே ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். உடனே "ஏன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறி வந்தாலும் வாக்கியம் முடியும்வரை திருத்தாதீர்கள். நேர்காணல் அறையில் கேட்கப்படுவது அந்த "ஏன்?"தான்.