கடன் நாளுக்கும் ஒரு விலை உண்டு

சிட்னியின் மேற்குப் புறத்தில், பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வர்த்வில் முதலிய இடங்களில் மளிகைக் கடை நடத்துகிற நம்மவர் சிலருக்குக் கணக்கு எழுதுவது என் ஜீவனம். அவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் என்னிடம் கேட்கிற கேள்வி, பெரிய அங்காடிகளுக்குக் கிடைக்கும் விலை தமக்கும் கிடைக்க வழி உண்டா என்பதே. அந்த விலை கிடைக்காது. ஆயினும், மாதம் சில ஆயிரம் டாலருக்கு மட்டுமே அரிசியும் பருப்பும் எடுக்கிற சிறு கடைக்காரர், மொத்த வியாபாரியின் கிடங்கில் விலையைப் பற்றி மட்டுமே வாதாடிவிட்டுத் திரும்பி வருவதைக் காணும்போதெல்லாம், அவர் கேட்க வேண்டியதில் பாதியைக் கேட்காமலே வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

ஒருமுறை ஒரு கடைக்காரருடன் இறக்குமதி நிறுவனம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த மேலாளர் யாழ்ப்பாணத்தவர். கடைக்காரர் மூட்டைக்கு ஒரு டாலர் குறைக்கும்படி பலவிதமாகக் கேட்டும் அசையாமல் இருந்தவர், கடைசியில், "அண்ணை, விலையில கை வைக்கேலாது, நாள் வேணுமெண்டால் கதைக்கலாம்" என்றார். அதற்குக் காரணம் உண்டு. ஒரு கடைக்குக் குறைத்த விலை மறுநாளே அடுத்த தெருக் கடைக்குத் தெரிந்துவிடும். பிறகு எல்லாருக்கும் குறைக்க வேண்டிவரும். பணம் கட்டுவதற்குக் கொடுத்த அவகாசமோ இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். விலையில் பிடிவாதமாக நிற்பவர் நாளில் இளகிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி நான் மிகவும் விரும்பிப் பேசுகிற இடத்துக்கு வருகிறேன். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், கையில் ஒரு பென்சில் இருந்தால் இன்னும் நல்லது. "முப்பது நாள்" என்று சொல்லப்படுவது இந்நாட்டில் இரண்டு வகை. பில் தேதியிலிருந்து முப்பது நாள் என்பது ஒன்று. பில் எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து முப்பது நாள் என்பது மற்றொன்று. ஜூலை 3 அன்று சரக்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். முதல் வகையில் ஆகஸ்ட் 2 அன்று பணம் கட்ட வேண்டும். இரண்டாவது வகையில் ஆகஸ்ட் 30 வரை கட்டவேண்டியதில்லை. ஒரே சரக்கு, ஒரே விலை. ஆனால் 28 நாள் உங்கள் பணம் உங்களிடமே இருக்கிறது. அதே இரண்டாவது வகையில் ஜூலை 28 அன்று எடுத்தால் முதல் வகையைவிடக் கூடுதலாக மிஞ்சுவது மூன்று நாள்தான். ஆகையால் மாத முடிவுக் கணக்கு உள்ளவர் பெரிய கொள்முதலை மாதத்தின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்வது சிலாக்கியம்.

நாளுக்கு என்ன விலை என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. சில மொத்த வியாபாரிகள், ஏழு நாளில் கட்டினால் நூற்றுக்கு இரண்டு கழிவு, இல்லையேல் முப்பது நாளில் முழுத்தொகை என்று ஒரு நிபந்தனை வைப்பார்கள். இரண்டு சதவீதம்தானே என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் அநேகம். ஆயிரம் டாலர் பில்லில் அது 20 டாலர். 980 டாலரை மேலும் 23 நாள் கையில் வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கிற வாடகை அது; வருஷக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 32-க்கும் மேற்பட்ட வட்டி! வங்கியில் 12 சதவீதத்துக்கு மேல்வரைவு வாங்கி அந்த 980-ஐ ஏழாம் நாளே கட்டினாலும், 23 நாளைக்கு வட்டி ஏழரை டாலருக்குக் குறைவே. கழிவை வாங்கிக்கொள்வதே லாபம். இத்தகைய கழிவு உங்கள் பில்லில் இல்லையா? நீங்களே கேளுங்கள். ரொக்கத்துக்கு என்ன விலை, முப்பது நாளுக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நாளுக்கு வைத்திருக்கும் விலை அதுதான்.

மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் கழிவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகவே சொல்ல நேரம் இருக்கிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டை 22 டாலர். ஒரு பாலட்டாக, அதாவது பலகையோடு நூறு மூட்டை எடுத்தால் 20 டாலர் 50 காசு என்கிறார் வியாபாரி. வாரம் இருபது மூட்டை விற்கும் கடைக்கு ஐந்து வாரத்தில் அது தீர்ந்துவிடும். 150 டாலர் மிச்சம். ரொக்கமாகவே கொடுத்தாலும் அவ்வளவு நாள் முடங்கும் பணத்துக்கு வட்டி இருபத்தைந்து டாலரைத் தாண்டாது. எடுக்கலாம். அதே வியாபாரி, வாரத்துக்கு ஒரு பெட்டி போகும் ஊறுகாயில் நாற்பது பெட்டி எடுத்தால் எட்டு சதவீதம் கழிவு என்றால் என்ன செய்வது? கழிவின் மதிப்பு மூன்று பெட்டிக்குச் சற்று அதிகம். பெட்டியில் அச்சிட்ட தேதிக்கு முப்பத்தைந்து வாரமே பாக்கி இருந்தால் கடைசி ஐந்து பெட்டி குப்பைக்குத்தான் போகும். ஆதலால் விலையைக் கேட்குமுன் தேதியைக் கேட்க வேண்டும். அரிசியிலும்கூட, கோடைக்காலத்தில் கூரை சுடுகிற கிடங்கில் அடுக்கினால் வண்டு விழுந்துவிடும். எல்லாமே அரிசியாக வேண்டாம், பாதிப் பலகை அரிசி, மீதி பருப்பும் மாவும் என்று கலந்து தந்து பலகை விலையே போடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நீங்களே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வதாகவும் சொல்லுங்கள். பலர் இதற்கு இணங்குகிறார்கள், ஏனெனில் அவர்களுக்குச் சிறு கடையால் வரும் செலவில் பெரும் பகுதி சரக்கைக் கொண்டுவந்து இறக்குவதில்தான் இருக்கிறது.

கடன் கணக்குத் திறக்கும்போது நீட்டுகிற படிவத்தின் கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள். நிறுவனத்தின் பெயரில் வாங்கும் சரக்குக்கு இயக்குநர் தம் சொந்தப் பொறுப்பில் பிணை நிற்கிறார் என்று ஒரு வரி அங்கே இருக்கும். கடை நொடித்தால் அது வீட்டு வாசல் வரை வரும். அந்தப் பிணைக்கு, உதாரணமாகப் பதினையாயிரம் டாலர் என்று ஓர் உச்சவரம்பு எழுதித்தரக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இன்னொன்று, பலர் அறியாதது. முன்பெல்லாம் போட்டியாளர்களான கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வியாபாரியிடம் பேரம் பேசுவது சட்டத்தின் பார்வையில் ஆபத்தான காரியம். அதற்கென்று தனியாக முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2021 ஜூன் 3 முதல், ஆண்டு வரவு ஒரு கோடி டாலருக்குக் குறைந்த வியாபாரிகள் குழுவாகப் பேசலாம் என்று ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் பொது விலக்கு அளித்திருக்கிறது. ஒரு பக்கப் படிவத்தை ஆணையத்துக்கு அனுப்பி, அதன் பிரதியை அந்த வியாபாரியிடமும் கொடுத்துவிட்டால் போதும். ஆனால் அவர் உங்களோடு பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. நீங்களும் கூட்டாக அவரைப் பகிஷ்கரிக்கக் கூடாது. கடையில் என்ன விலைக்கு விற்பது என்று உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவும் கூடாது. இப்படி, உதாரணமாக மெல்பர்னில் டான்டினாங் பக்கம் ஐந்தாறு கடைகள் சேர்ந்தால் பாலட் விலையை எட்டுவது கடினமல்ல.

நேரம் முடிந்துவிட்டதென்று ஒலிபரப்புக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நாளைக் காலை கடை திறந்ததும் சென்ற மாதப் பில் ஒன்றை எடுத்து, பணம் கட்டும் தவணை பில் தேதியிலிருந்தா, மாத முடிவிலிருந்தா என்று பாருங்கள். முதல் வகையாக இருந்தால் அடுத்த கொள்முதலுக்கு முன்பே ஒரு தொலைபேசி அழைப்பில் அதை மாற்றித்தரக் கேளுங்கள்.