நீலமும் சிவப்பும்



உடலிலிருந்து எடுத்த சிறு சதைத்துண்டு, ஃபார்மலினில் ஊறி அழுகாது நிலைபெற்று, நீர் நீக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரை 200 கூறாக்கினால் ஒரு கூறளவே பருமனுள்ள சீவலாகக் கண்ணாடித் தகட்டில் வந்து படியும்போது, அதற்கு நிறமே இல்லை. நிறத்தை நாம்தான் ஊட்டுகிறோம். மெழுகைக் கரைத்தபின் ஊட்டுகிறோம்.

முதற்சாயம் ஹேமடாக்சிலின். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வருவது. தனியே அது ஒட்டாது. சாயக்காரர் துணிக்குப் படிகாரம் இடுவதைப் போல இங்கும் படிகாரம் வேண்டும். படிகாரத்தின் அலுமினியம் சேர்ந்ததும் சாயம் நேர்மின்னேற்றம் பெறுகிறது. உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. எதிர்மின்னேற்றமுடையது. ஆகையால் சாயம் உட்கருவைப் பற்றுகிறது. அப்போது அது செந்நிறம். சற்றே காரத்தன்மையுள்ள குழாய் நீரில் கழுவிய பிறகே நீலமாகிறது.

அடுத்தது இயோசின். இது எதிர்மின்னேற்றமுள்ள சாயம். எனவே உட்கருவைச் சூழ்ந்த, நேர்மின்னேற்றமுள்ள புரதங்களையும், தசைநார்களையும், செவ்வணுக்களையும் பற்றி இளஞ்சிவப்பாக்குகிறது. உட்கரு நீலம், புரதம் சிவப்பு: மின்னேற்றமே காரணம்.

எலும்பைச் சீவுவதற்காக அமிலத்தில் ஊறவைத்து அதன் சுண்ணாம்பை நீக்குவதுண்டு. ஊறல் அளவு மீறினால், அமிலம் உட்கருவின் டி.என்.ஏ.வையே சிதைத்துவிடுகிறது. பிறகு எத்தனை நேரம் ஹேமடாக்சிலினில் வைத்தாலும் நீலம் ஏறாது. தகடு முழுவதும் வெறும் சிவப்பாகவே தெரியும். அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் அப்போது சாயத்தைக் குறைகூறமாட்டார். எலும்பு அமிலத்தில் எத்தனை நாள் கிடந்தது என்றுதான் கேட்பார்.