தொப்பிக்கும் சேர்த்து எழுதுங்கள்

கீழ்க்கடைவாய்ப் பல்லில் வலி. சிறிய பல் மருத்துவமனைக்குப் போகிறார் ஒருவர். "வேர் சிகிச்சைக்கு 4,500 ரூபாய்" என்கிறார் டாக்டர். வலி போன பிறகுதான், பல்லை மேலே கட்ட 1,000, தொப்பி போட 5,000 என்று தெரியவருகிறது. அவர் திரும்பி வருவதில்லை. தொப்பி இல்லாத அந்தப் பல் ஒருநாள் கடிக்கும்போது பிளந்துவிடலாம். பிறகு பிடுங்க வேண்டியும் வரலாம்.

முதல் நாளே 10,500 என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எந்தப் பல், என்ன வேலை, எந்த வகைத் தொப்பி, இந்தத் தொகை எத்தனை நாள் செல்லும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். கூடுதல் வேர்க்கால்வாய் தென்பட்டால் கட்டணம் ஏறுமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

கட்டணத்தை அடுத்த தெருவைப் பார்த்து வைக்கக்கூடாது. வாடகை, சம்பளம், மின்சாரத்தைக் கூட்டி, நாற்காலியில் உண்மையில் வேலை நடக்கும் மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் செலவு தெரியும். அதோடு மருந்துப் பொருள், லேப் பில், டாக்டரின் உழைப்பு சேரும்.

தவணையை வேலையோடு கட்டுவதே நியாயம். முதல் நாள் 2,500, வேரை அடைக்கும்போது 2,000, அளவெடுத்து லேபுக்கு அனுப்புமுன் 3,500, தொப்பி பொருத்தும்போது 2,500. நடுவில் நின்றாலும் இருவருக்கும் பெரிய பாக்கி இராது.

நோயாளிகளே, நாற்காலியில் சாயுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.