இரண்டே மறுமொழி

சுங்கை சோவில் நமக்கொரு நண்பர் இருக்கிறார். தம் தாயார் பால் வெட்டிய ரப்பர் காட்டை ஓவியமாக வரைந்து இணையத்தில் இட்டு வருகிறார். கடைசிப் படத்துக்கு வந்தவை இரண்டே மறுமொழிகள். "இனி வரைவதில்லை" என்று சோர்ந்துவிட்டார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டோம். அவர் வட்டத்தில் 500 பேர். பார்த்தவர் 40 பேர். சமூகத் தளங்கள் ஒரு படத்தை எல்லாருக்கும் ஒருங்கே காட்டுவதில்லை. சிலருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்த்தால்தான் மேலும் பலருக்குக் காட்டும். ஆகவே மற்ற 460 பேரும் படத்தை ஒதுக்கவில்லை. அவர்கள் காணவே இல்லை.

1950இல் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பு நம் நினைவுக்கு வந்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களுக்குக் கதை எழுதப் பயிற்சி தந்தார்கள். எழுதத் தொடங்கியவருக்குக் கைதட்டலைவிட, ஒருவர் ஊன்றிப் படிப்பதே பெரிது.

நாமும் வெறுமனே "அருமை" என்று எழுதவில்லை. "வெட்டுக்கோடு சாய்ந்து இறங்குவது சரியாக வந்திருக்கிறது. ஆனால் மங்கு கோட்டின் மேல்முனைக்குக் கீழே இருக்கிறதே, பால் அதில் எப்படி விழும்?" என்று எழுதினோம்.

அன்றிரவே மங்கை இடம் மாற்றி வரைந்து அனுப்பினார்.