"எம்பேரு இல்லையா?" – பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்குவது எப்படி?

(பள்ளிக்கரணையில் குடியிருப்போர் நலச் சங்கத் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்கள் தெருவில் முகாம், நிவாரணம், மருத்துவப் பரிசோதனை என்று எது நடந்தாலும் முதலில் சுவரில் ஒட்டப்படுவது ஒரு பெயர்ப் பட்டியல்தான். அந்தப் பட்டியலைத் தமிழ் எழுத்து வரிசையில் சரியாக அடுக்குவது பற்றி மட்டும் இன்னைக்குப் பேசலாம். அதற்கு முன்னால், நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சதுப்புநிலத்தைச் சுற்றியிருக்கும் நம்ம பகுதியில் தண்ணீர் வடிய நாளானது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் சில பேர் சேர்ந்து போர்வையும் அரிசியும் கொடுக்க ஏற்பாடு செய்தோம். பெயர்களைப் பதிய நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு வலைப்படிவம் எழுதிக் கொடுத்தார். இருநூறு சொச்சம் பெயர்கள். வரிசைப்படுத்தி, அச்செடுத்து, கேட்டில் ஒட்டியது நான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பெயரை இங்கே மாற்றி, அன்னம்மாள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டியலை மேலிருந்து படிக்கவில்லை. 'ன' தமிழ் எழுத்துகளில் கடைசி, அதனால் தன் பெயர் அகரப் பெயர்களின் கடைசியில்தான் இருக்கும் என்று நேராக அங்கே விரலை வைத்துத் தேடினார். இல்லை. "எம்பேரு இல்லையா? சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெயர் இருந்தது. அந்தோணிக்கும் அமுதாவுக்கும் நடுவில், யாரும் தேடாத இடத்தில் இருந்தது. சாயங்காலம் மீதமிருந்த பொட்டலத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மறுநாள் வீட்டுக்குப் போய்க் கொடுத்தோம். ஒரு ராத்திரி போர்வை இல்லாமல் போனது போனதுதான்.

ஏன் இப்படி ஆச்சு? கணினிக்கு 'அ', 'ன' என்ற எழுத்துகள் தெரியாது. ஒவ்வொன்றும் ஓர் எண். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடத்தில் 'ந' வின் எண் 0BA8. அதற்கு அடுத்த எண்ணான 0BA9 ஐ 'ன' வுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'ர' வை ஒட்டி 'ற' இருக்கிறது. 'ல, ள, ழ' மூன்றும் 'வ' வுக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. 'ச' வுக்கும் 'ஞ' வுக்கும் நடுவில் 'ஜ' உட்கார்ந்திருக்கிறது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக உருவாக்கிய இஸ்கி என்ற பழைய குறியீட்டின் வரிசையை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த ஏற்பாடு இது. நாம் பள்ளியில் படித்ததோ க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன.

இன்னொரு சிக்கல் புள்ளி. நமக்கு 'க்' முதலில், அப்புறம் 'க', 'கா', 'கி'. யூனிகோடில் 'க்' என்பது தனி எழுத்தே இல்லை. 'க' என்ற எண்ணும் அதன்பின் புள்ளிக்கான எண்ணும் சேர்ந்தது. அந்தப் புள்ளியின் எண் 0BCD, கால், கொம்பு, சுழி எல்லாவற்றின் எண்ணையும்விடப் பெரியது. அதனால் எண் வரிசையில் அடுக்கினால் 'கௌ' வுக்கும் பின்னால் போய் நிற்கும் 'க்'. அகராதியில் அக்கம்மா முதலில், அகிலா பிறகு. எண் வரிசையில் தலைகீழ்.

எங்கள் பட்டியலில் இருந்த சில பெயர்களை வைத்தே பார்ப்போம். அன்றைக்கு நான் ஒட்டிய வரிசை இது:

அகிலா, அக்கம்மா, அஜித், அஞ்சலை, அந்தோணி, அன்னம்மாள், அமுதா, அருணா, அற்புதம், அல்லி, அழகு.

இருந்திருக்க வேண்டிய வரிசை இது:

அக்கம்மா, அகிலா, அஞ்சலை, அந்தோணி, அமுதா, அருணா, அல்லி, அழகு, அற்புதம், அன்னம்மாள், அஜித்.

பதினொரு பெயர்தான். ஆனால் அன்னம்மாள் ஆறாவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்குப் போகிறார். மூன்றாவதாக இருந்த அஜித் கடைசிக்கு வருகிறார், ஏனென்றால் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை 'ன' வுக்கும் பின்னால். அசல் பட்டியலில் அகரத்தில் மட்டும் முப்பது நாற்பது பெயர் இருந்தன. அங்கே இந்தத் தூரம் ஒரு பக்கம் தாண்டிவிடும்.

சரி, எப்படித் திருத்துவது? மென்பொருளிடம் "இது தமிழ், தமிழ் முறையில் அடுக்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லும் இடம் கொஞ்சம் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான்.

லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம், அதிலேயே காட்டுகிறேன். முதலில் ஒரு புது நெடுவரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது குழம்பினால் அந்த எண்ணை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அடுத்து, பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்யாதீர்கள். கதவு எண், கைப்பேசி எண் உட்பட முழு அட்டவணையையும் தேர்வு செய்யுங்கள். பெயர் மட்டும் நகர்ந்து கதவு எண் நகராமல் போனால், ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியேறிவிடுவார்! இனி `Data` பட்டியில் `Sort...` ஐ அழுத்தி, `Sort Key 1` என்ற இடத்தில் பெயர் நெடுவரிசையையும் `Ascending` ஐயும் வையுங்கள். இத்தோடு `OK` அழுத்துவதுதான் எல்லாரும் செய்வது. அழுத்தாமல் பக்கத்தில் இருக்கும் `Options` தத்தலுக்குப் போங்கள். அங்கே `Language` என்று ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கும். `Tamil` என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, பிறகு `OK`.

மைக்ரோசாப்ட் வேர்டில் `Home` பட்டியில் A-Z படம் போட்ட `Sort` பொத்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் `Options...` ஐ அழுத்தினால் `Sorting language` என்ற இடம் வரும். அங்கே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். எக்செலில் `Sort` பெட்டியின் `Options` உள்ளே இப்படி மொழி கேட்கும் இடமே கிடையாது. எக்செல் கோப்பை கால்க்கில் திறந்து அடுக்கிவிட்டுத் திரும்பச் சேமிப்பது எனக்குப் பழகிய வழி.

எங்கள் நண்பரின் வலைப்படிவத்தில் இருந்த பிழை ஒரே வரி. அவர் எழுதியிருந்தது:

```
names.sort()
```

இது எண் வரிசையில்தான் அடுக்கும். மாற்றி எழுதியது:

```
names.sort(new Intl.Collator("ta").compare)
```

தரவுத்தளத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், போஸ்ட்கிரஸில் இதே வேலைக்கு:

```
SELECT name FROM list ORDER BY name COLLATE "ta-x-icu";
```

மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எல்லா மென்பொருளும், எல்லாப் பதிப்பும் ஒரே மாதிரி நடக்காது. ஐந்து பெயரை வைத்து அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம். அன்னம்மாள், அகிலா, அஜித், அமுதா, அக்கம்மா. இதைக் கலைத்துப் போட்டு அடுக்கிப் பாருங்கள். அக்கம்மா, அகிலா, அமுதா, அன்னம்மாள், அஜித் என்று வந்தால் எல்லாம் சரி. அகிலா, அக்கம்மா, அஜித், அன்னம்மாள், அமுதா என்று வந்தால் மென்பொருள் வெறும் எண்ணை வைத்து அடுக்குகிறது. மொழித் தேர்வு போய்ச் சேரவில்லை. மூன்றாவது ஒரு விடையும் வரும், அதுதான் ஏமாற்றுவது. அமுதா, அன்னம்மாள், அஜித் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் அகிலா மட்டும் அக்கம்மாவுக்கு முன்னால் நிற்பார். அப்படியென்றால் மெய்யெழுத்து வரிசை அந்த மென்பொருளுக்குத் தெரிகிறது, புள்ளியின் இடம் தெரியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும். முத்து, முதல்வன் மாதிரிப் பெயர்கள் வரும்போதுதான் இடிக்கும்.

ஐந்து பெயர் சோதனையில் தேறியும் உங்கள் பட்டியல் தாறுமாறாக வந்தால், தவறு மென்பொருளில் இல்லை, தட்டச்சில் இருக்கிறது. நம்ம அனுபவத்தில் முதல் குற்றவாளி முன்னெழுத்து. "மு. அமுதா" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அமுதா மகரத்துக்குப் போய்விடுவார். முன்னெழுத்துக்குத் தனி நெடுவரிசை கொடுங்கள். ஒரே தெருவில் மூன்று அமுதா இருந்தால் அந்த நெடுவரிசையையே `Sort Key 2` ஆக வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, பெயருக்கு முன்னால் தெரியாமல் விழுந்த இடைவெளி. அப்படிப்பட்ட பெயர்கள் பட்டியலின் உச்சியில் கூட்டமாக நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கடைசியாக, பழைய எழுத்துருக் கோப்புகள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பட்டியல்கள் பல யூனிகோடில் இருக்காது. திரையில் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். கண்டுபிடிக்க எளிய வழி, எழுத்துருவை `Arial` க்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே இருந்தால் யூனிகோடு. புரியாத குறிகளாக மாறினால் பழைய எழுத்துரு. அதற்கு எந்த மொழித் தேர்வும் உதவாது, முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகு பத்துப் பெயரையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு தகவல். 2010 இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றது. அதில் க், க, கா, கி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அகர வரிசைப்படி தனித்தனி எண் உண்டு. எண்ணை வைத்து அடுக்கினாலே அகராதி வரிசை கிடைத்துவிடும். ஆனால் நம் கைப்பேசியிலும் வலைப்படிவங்களிலும் புழங்குவது யூனிகோடுதான் என்பதால், மொழித் தேர்வு நமக்கு அன்றாடத் தேவையாகவே இருக்கிறது.

'ஜ' பற்றி ஒருவர் இப்போதே கை தூக்குகிறார். ஜெயா, ஜானகி எல்லாரும் கடைசிப் பக்கத்துக்குப் போனால் 'ச' பக்கத்தில் தேடுபவர்கள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. வரிசையை மாற்றாதீர்கள். 'ச' பெயர்கள் முடியும் இடத்தில் "ஜ – கடைசிப் பக்கம் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் அடுத்த பட்டியலில் அப்படித்தான் செய்தோம். ஒட்டிய பிறகு வந்து சேரும் பெயர்களைப் பேனாவால் அடியில் எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். கோப்பில் சேர்த்து, மறுபடி அடுக்கி, மேலே தேதி போட்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசை ஒட்டுகிறோம்.