கொட்டகை காலியானதும் செய்ய வேண்டியவை
(உரையின் எழுத்து வடிவம்)



பல்லடம் பகுதியில் இறைச்சிக் கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் என்னிடம் வந்தார். முந்தைய தொகுதியில் கம்போரோ நோய் கண்டு கோழிகள் மடிந்தன. கொட்டகை காலியான மறுநாளே கிருமிநாசினி தெளித்தார். ஆனாலும் புதிய குஞ்சுகளுக்கு நான்காம் வாரத்தில் மீண்டும் அதே நோய் வந்துவிட்டது. "மருந்து போலியா, ஐயா?" என்று கேட்டார். கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். மருந்து போலியல்ல. கம்பிவலையில் பழைய தூசி படிந்திருந்தது. தரையின் விரிசல்களில் எச்சம் காய்ந்து கிடந்தது. அவர் தெளித்த மருந்தை அந்த அழுக்கே குடித்துவிட்டது.

எச்சமும் தூசியும் கிருமியை மூடிக்கொள்ளும். மருந்தின் வீரியத்தையும் அவையே தீர்த்துவிடும். கம்போரோ நோயின் நச்சுயிரி காலிக் கொட்டகையிலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக் கூடியது. எனவே முதலில் கழுவுங்கள், அடுத்து உலர்த்துங்கள், அதன் பிறகே மருந்து தெளியுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

1,000 கோழிகள் வளரும் 50 அடி நீளம், 20 அடி அகலமுள்ள சிமெண்டுத் தரைக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கோழிகளை ஏற்றி அனுப்பிய அன்று மாலையே, கூளத்தின் சூடு ஆறுமுன், சுவரோரங்களிலும் தூண்களின் அடியிலும் கால்நடை மருத்துவர் சொல்லும் பூச்சிமருந்தைத் தெளியுங்கள். கூளத்தில் வாழும் சிறு கருவண்டுகள் நோய்க்கிருமியைச் சுமப்பவை. கூளம் ஆறினால் அவை சுவர் இடுக்குகளில் ஏறி ஒளிந்துகொள்ளும். புதுக் கூளம் பரப்பியதும் இறங்கி வந்துவிடும்.

மறுநாள் தீவனத் தொட்டி, தண்ணீர்த் தட்டுகளை வெளியே எடுத்துவிட்டுக் கூளம் முழுவதையும் அள்ளுங்கள். அது நல்ல எருதான். ஆனால் அதைக் கொட்டகை ஓரத்தில் கொட்டாதீர்கள். தொலைவில் குவித்து, ஈரமாக்கி, தார்ப்பாயால் மூடி மக்க விடுங்கள். குவியலின் உள்ளே எழும் சூடு பெரும்பாலான கிருமிகளை அழிக்கும். நன்கு மக்கிய பிறகே வயலுக்கு இடுங்கள்.

அடுத்து, கூரையின் உட்புறம் தொடங்கி வலை, சுவர், தரை என்று மேலிருந்து கீழாகப் பெருக்குங்கள். லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் தரையை நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைப்பத்தால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தரையையும் வலையையும் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் மறுபடியும் கழுவ வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகு கொட்டகையை முழுவதும் உலர விடுங்கள். ஈரத் தரையில் தெளித்தால் மருந்து நீர்த்துப்போகும்.

இப்போது மருந்து. லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி பார்மலின் என்ற அளவில், இந்தக் கொட்டகைக்கு ஏறத்தாழ 50 லிட்டர் கரைசல் வேண்டும். கூரை, சுவர், தரை யாவும் நனையும்படி தெளித்து, பக்கப் படுதாக்களை இறக்கி ஒருநாள் மூடி வையுங்கள். பார்மலின் கண்ணையும் நுரையீரலையும் கெடுப்பது. தெளிப்பவர் அதற்குரிய முகமூடி, கண்ணாடி, கையுறை அணிய வேண்டும். இதனுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்காதீர்கள்.

இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகளுக்குப் பார்மலின் போதாது; அவற்றை வெப்பமே கொல்லும். தீ ஊதும் கருவியால் தரையையும் சுவரடியையும் மெதுவாகச் சுட்டெடுங்கள். இதை மருந்து தெளிக்கும் முன்பே, தரை உலர்ந்ததும் செய்துவிடுங்கள். கூரை ஓலையாக இருந்தால் இந்தக் கருவி வேண்டாம். கடைசியாக, அப்போதே தாளித்த புதுச் சுண்ணாம்பைச் சுவருக்கு அடியுங்கள். நாட்பட்டுப் புளித்த சுண்ணாம்புக்குக் கிருமியைக் கொல்லும் காரம் இராது.

தண்ணீர்த் தொட்டியை மறக்க வேண்டாம். உட்புறத்தின் வழவழப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து, குழாய்களிலும் நிரப்பி ஓரிரவு வைத்துக் காலையில் அலசிவிடுங்கள்.

மருந்து தெளித்த நாளிலிருந்து இரண்டு வாரம் கொட்டகை காலியாகவே இருக்கட்டும். கழுவிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். அந்த நாட்களில் ஆளோ நாயோ காகமோ உள்ளே வந்தால் செய்த வேலை வீண். வாசலில் கிருமிநாசினிக் கரைசல் தொட்டி வைத்து, அதை நாள்தோறும் மாற்றுங்கள். குஞ்சு வருவதற்கு இரண்டு நாள் முன்பு காய்ந்த புது உமியைப் பரப்புங்கள். பழைய கூளத்தில் ஒரு கூடைகூடக் கலக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தாலும் தடுப்பூசியை விடலாகாது. காற்றிலும் பக்கத்துப் பண்ணையிலிருந்தும் வரும் நோயைக் கழுவிய தரை தடுக்காது. சுத்தம் செய்வதால் பழைய தொகுதியின் கடனே தீரும். அந்த நண்பர் அடுத்த தொகுதிக்கு வெள்ளைத் துணியுடன்தான் வேலையைத் தொடங்கினார். நீங்களும் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.