விருப்ப வரிசையை எப்படி எழுதுவது?
(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் உயர்தர மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உயர்தரப் பெறுபேறு வந்தபின் எங்களிடம் ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் "இந்த இசட் புள்ளிக்கு என்ன கிடைக்கும்?" என்றே கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

ஒரு பாடநெறியும் அது நடக்கும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் ஒரு விருப்பம், பேராதனையில் மருத்துவம் இன்னொரு விருப்பம். தெரிவு நடக்கும்போது உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். உங்கள் புள்ளி போதுமான முதலாவது விருப்பம் எதுவோ, அதுவே உங்களுக்கு வரும். அதற்குக் கீழே எழுதியவை கணக்கில் வராது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். எட்டாது என்று நினைக்கும் ஒன்றை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் அரைமனதோடு ஒன்றை மேலே எழுதினால், அதைவிட நீங்கள் விரும்பியது கீழே இருந்தும் கிடைக்காமல் போகலாம்.

விளக்கத்துக்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். இதில் வரும் புள்ளிகள் நாங்களே வைத்தவை. உயிரியல் பிரிவில் படித்த ஒரு பிள்ளையின் இசட் புள்ளி 1.20. அவளுக்கு மருத்துவம் விருப்பம். அது இல்லாவிட்டால் இயன்மருத்துவம். இயன்மருத்துவப் பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்தில் இல்லை. பேராதனைக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். அம்மாவுக்குத் தூரம் என்ற கவலை. ஆகவே வீட்டில் இருந்து எழுதிய வரிசை இப்படி அமைந்தது: யாழ்ப்பாண மருத்துவம், பேராதனை மருத்துவம், யாழ்ப்பாண உயிரியல் விஞ்ஞானம், பேராதனை இயன்மருத்துவம். அந்த ஆண்டு அவளுடைய மாவட்டத்துக்கு மருத்துவத்தின் வெட்டுப்புள்ளி இரண்டு இடத்திலும் 1.80க்கு மேல், இயன்மருத்துவம் 1.10, உயிரியல் விஞ்ஞானம் 0.40 என்று வைத்துக்கொள்வோம். மருத்துவம் இரண்டும் எட்டவில்லை. மூன்றாவதற்குப் புள்ளி போதும். தெரிவு அங்கேயே நின்றுவிட்டது. இயன்மருத்துவத்துக்கும் அவளுக்குத் தகுதி இருந்தது. மூன்றையும் நான்கையும் மாற்றி எழுதியிருந்தால் அதுவே வந்திருக்கும். இயன்மருத்துவம் எட்டாமற் போயிருந்தாலும் உயிரியல் விஞ்ஞானம் அவளுக்காகக் கீழே இருந்திருக்கும்.

பெற்றோரே, தூரம் உண்மையான கவலைதான். விடுதி, பயணம், செலவு எல்லாம் உண்டு. பிள்ளையை வெளியே விட முடியாது என்பது உறுதியான முடிவென்றால் அந்த விருப்பத்தை எழுதவே வேண்டாம். விடலாம் என்றால் அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று கீழே தள்ளி வைப்பதுதான் வினை. "அருகில்" என்ற சொல்லையும் ஒருமுறை யோசியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருப்பது திருநெல்வேலியில் அல்ல, கிளிநொச்சி அறிவியல்நகரில்.

கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசையை அமைப்பதும் பலர் செய்வது. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களின் ஒரு பகுதி அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிலும் பகிரப்படுகிறது. அதனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கொழும்பிலுள்ள மச்சாளின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட்டுப் பயனில்லை. வெட்டுப்புள்ளி முன்கூட்டி வைக்கும் எல்லையும் அல்ல. அந்த ஆண்டு கடைசியாகத் தெரிவானவரின் புள்ளி அது. அடுத்த ஆண்டு கூடலாம், குறையலாம். எத்தனை விருப்பங்கள் எழுதினால் பாதுகாப்பு என்று அறிய அதைப் பாருங்கள். எது முதல், எது இரண்டாவது என்பதற்கு அதைப் பார்க்க வேண்டாம்.

கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கு உரிய பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டால், வரிசையில் முதலாவதாக எழுதியும் பயனில்லை.

தங்கையரே, விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முதல்நாள் வரிசையை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தடுத்து உள்ள இரண்டிரண்டாக எடுத்து, "இரண்டும் கையில் வந்தால் எதற்குப் போவேன்?" என்று கேளுங்கள். விடை கீழே உள்ளதென்றால் இடத்தை மாற்றுங்கள். கடைசி வரியில் நின்று, "இது மட்டுமே வந்தால் போவேனா?" என்றும் கேளுங்கள். போகமாட்டேன் என்றால் அதை வெட்டிவிடுங்கள். அந்தத் தாளை அம்மா அப்பாவோடு இருந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.